ரெண்டு மாசம் நோட்டு போட்டுப் பாருங்க: பிஎம்டிடியா, டிப்ரஷனா?

பீரியட்ஸுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி ஆரம்பிச்சு அழுகை, எரிச்சல், யாரப் பாத்தாலும் கோவம், செத்துடலாமான்னு கூட ஒரு நினைப்பு, அப்புறம் பீரியட்ஸ் வந்து ரெண்டு மூணு நாள்ல எல்லாம் போய் "நானா அப்படிப் பேசினேன்"னு நாமளே யோசிக்கிற மாதிரி ஆயிடும். இப்படி மாசாமாசம் நடக்குறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். இதுக்குப் பேரு பிஎம்டிடி. ப்ரீமென்ஸ்ட்ருவல் டிஸ்ஃபோரிக் டிஸார்டர்னு முழுப் பேரு, தமிழ்ல மாதவிடாய்க்கு முந்தைய மனநிலைக் கோளாறுன்னு சொல்லலாம். பீரியட்ஸுக்கு முன்னாடி நெறைய பேருக்கு வர்ற லேசான பிஎம்எஸ் மாதிரி நெனச்சு விட்டுடக்கூடாது, வேலையையும் வீட்டையும் உறவையும் உடைக்கிற அளவுக்குப் போற விஷயம் இது. 2013ல வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களோட டிஎஸ்எம்-5 புத்தகத்துலேயே இத தனி நோயா சேத்துட்டாங்க.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். எனக்கு இது நாலு வருஷமா இருந்துச்சு, அதுல ரெண்டு வருஷம் டிப்ரஷன்னு சொல்லி மாத்திரை சாப்பிட்டு, நடுவுல நானே நிறுத்தி, திரும்ப ஆரம்பிச்சுன்னு ஓடுச்சு. ஏன் பிடிபடலன்னு இப்பப் புரியுது. அழுதுக்கிட்டு போன நாள்ல டாக்டர் பாத்தா எனக்கு டிப்ரஷன் மாதிரி இருக்கும், ரிவியூவுக்கு வரச் சொன்ன தேதி நல்ல வாரத்துல விழுந்தா "மாத்திரை நல்லா வேலை செய்யுது"ன்னு எழுதுவாங்க, அதுக்கு அடுத்த தடவ மறுபடி மோசமான வாரத்துல போனா டோஸ ஏத்துவாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, பத்து நிமிஷத்துல அவங்களுக்குத் தெரியுறது அன்னிக்கு ஒரு நாள் மட்டும்தான். மாசம் முழுக்க என்ன நடக்குதுன்னு தெரியணும்னா தினமும் எழுதி வெச்ச கணக்கு வேணும். அத எப்படி எழுதுறது, எழுதினத எப்படிப் படிக்கிறதுன்னுதான் இதுல பெரும்பகுதி.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். உயிர விட்டுடலாம்ங்கிற நினைப்பு வருதுன்னா, அதுக்கு வழி யோசிக்கிற அளவுக்குப் போகுதுன்னா, ரெண்டு மாசம் நோட்டு எழுதிட்டுப் போலாம்னு இருக்காதீங்க. அன்னிக்கே வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க, இல்லன்னா 14416க்கு போன் பண்ணுங்க, அது டெலி மானஸ்னு மத்திய அரசோட இலவச மனநல லைன், தமிழ்லயே பேசலாம். இலங்கைல இருக்கவங்களுக்கு 1926. பிஎம்டிடி இருக்கவங்களுக்கு தற்கொலை நினைப்பு அதிகம் வர்றது ஆராய்ச்சிலயும் தெரிஞ்ச விஷயம், அதனால "பீரியட்ஸ் வந்தா சரியாயிடும்"னு அந்த நாட்கள தனியா கடத்த வேண்டாம்.

ரத்த டெஸ்ட்ல தெரியாது

நெறைய பேர் முதல்ல செலவு பண்றது ஹார்மோன் டெஸ்டுக்கு. பிஎம்டிடிய காட்டிக் கொடுக்குற ரத்த டெஸ்ட்னு ஒண்ணு கிடையாது. ஏன்னா ஹார்மோன் அளவு நார்மலாத்தான் இருக்கும், அந்த நார்மலான ஏத்த எறக்கத்துக்கு நம்ம மூளை ரொம்ப கூசிப் போகுது, அதுதான் பிரச்சன. 1998ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, மாசாமாசம் மோசமான மன அறிகுறி வர்ற பெண்களுக்கு ஊசி போட்டு கருப்பையோட பக்கத்துல இருக்க சினைப்பைய கொஞ்ச நாள் வேலை செய்யாம நிறுத்தினப்ப நெறைய பேருக்கு அறிகுறி போயிடுச்சு, அப்புறம் ஈஸ்ட்ரஜனோ ப்ரொஜெஸ்ட்ரோனோ சாதாரண அளவுல திருப்பிக் கொடுத்தப்ப அவங்களுக்கு அறிகுறி திரும்ப வந்துச்சு, இந்தப் பிரச்சன இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோன் கொடுத்தும் ஒண்ணும் ஆகல. அதனால "ரிப்போர்ட் நார்மல், உனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு யாராவது சொன்னா அது சரியில்ல. தைராய்டும் ஹீமோகுளோபினும் மட்டும் ஒரு தடவ பாத்துக்கோங்க, அது ரெண்டுலயும் கோளாறு இருந்தாலும் சோர்வு, எரிச்சல், அழுகை வரும், ஆனா அது மாசத்துல ஒரு பாதி மட்டும் வந்துட்டுப் போகாது.

நோட்டு போடுறது

ஆப் எல்லாம் இருக்கு, எனக்கு சாதா நாற்பது பக்க நோட்டுதான் ஒத்து வந்துச்சு. பால் கணக்கு காலண்டர்ல குறிப்போம்ல, அந்த மாதிரி படுக்கைக்குப் பக்கத்துல கயித்துல பேனா கட்டி தொங்க விட்டேன்.

ஒரு பக்கத்துல குறுக்க கட்டம் போட்டு மேல தேதி, கீழ கீழ அறிகுறிகள எழுதுங்க. எரிச்சல் கோவம், அழுகை சோகம், பதட்டம், திடீர்னு மனசு மாறுறது, இந்த நாலும் கட்டாயம் இருக்கணும், ஏன்னா இதுல ஒண்ணாவது இல்லாம பிஎம்டிடின்னு சொல்ல மாட்டாங்க. இதோட, எதுலயும் ஆர்வம் இல்லாம போறது, கவனம் நிக்காதது, சோர்வு, அதிகப் பசி அல்லது குறிப்பிட்ட ஒண்ண சாப்பிட்டே ஆகணும்ங்கிற ஆசை, தூக்கம் வராதது அல்லது ரொம்பத் தூங்குறது, "என்னால தாங்க முடியல"ங்கிற மாதிரி தலைக்கு மேல போயிடுச்சுங்கிற உணர்வு, கடைசியா மார்பக வலி வயித்து உப்புசம் மாதிரி உடம்பு அறிகுறி. மொத்தம் பதினொண்ணு. இதுல குறைஞ்சது அஞ்சு இருக்கணும்ங்கிறதுதான் கணக்கு. இன்னும் ஒரு வரி, "இன்னிக்கு வேலைய, ஆளுங்ககிட்ட பழகுறத இது கெடுத்துச்சா"ன்னு. இந்த வரிய விட்டுடாதீங்க, டாக்டர் முதல்ல பாக்குறது இதத்தான்.

மார்க் 1ல இருந்து 6 வரை. 1ன்னா சுத்தமா இல்ல, 2 தெரியுது ஆனா பெருசா இல்ல, 3 லேசு, 4 நடுத்தரம், 5 கடுமை, 6 தாங்க முடியாத அளவு. டாக்டர்கள் பயன்படுத்துற டிஆர்எஸ்பிங்கிற தினசரிப் படிவத்துலயும் இதே 1-6தான், அதனால உங்க நோட்ட அவங்க பாத்த உடனே புரிஞ்சுக்குவாங்க.

கீழ தனியா ஒரு வரில ரத்தப்போக்கு. லேசா கறை மட்டும் பட்டா ஒரு புள்ளி வைங்க, சரியான போக்கு ஆரம்பிச்ச அன்னிக்கு வட்டம் போடுங்க. அந்த வட்டம் போட்ட நாள்தான் உங்க சைக்கிளோட 1ம் நாள்.

இனி இதுல எங்க தப்பு நடக்குதுன்னு சொல்றேன், எனக்கே முதல் மாசம் வீணாப் போச்சு. நாலு நாள் எழுதாம விட்டுட்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஞாபகத்துல இருந்து நிரப்பினேன். அது செல்லாது. மனசு நல்லா இருக்கப்ப போன வாரத்த நெனச்சா "அவ்வளவு மோசம் இல்ல"ன்னு தோணும், மோசமா இருக்கப்ப நெனச்சா "எப்பவுமே இப்படித்தான்"னு தோணும். ஞாபகத்துல எழுதுறது நம்பிக்கையானது இல்லங்கிறதாலதான் குறைஞ்சது ரெண்டு சைக்கிளுக்கு தினமும் எழுதணும்னு விதியே வெச்சிருக்காங்க. ராத்திரி படுக்கும்போது, அன்னிக்கு மட்டும். மறந்துட்டா கட்டத்த காலியா விடுங்க, அடிச்சு எழுதவும் வேண்டாம். முந்தின நாள் மார்க்க பாக்காம எழுதுறது இன்னும் நல்லது, நான் ஒரு பழைய அட்டைய வெச்சு மறைச்சுக்குவேன்.

இன்னொண்ணு நம்ம ஊர்ல ரொம்ப நடக்குறது. கோயில் விசேஷம், சபரிமலைக்கு வீட்ல மாலை போட்டிருக்காங்க, கல்யாணம்னு பீரியட்ஸ தள்ளிப் போட மாத்திரை போடுவோம். அதுவும் ஹார்மோன்தான். அந்த மாசக் கணக்கு குழம்பிடும், அத எண்ணிக்கைல சேக்காதீங்க, "மாத்திரை போட்டேன்"னு எழுதி வெச்சுட்டு அடுத்த சைக்கிள்ல இருந்து எண்ணுங்க. கருத்தடை மாத்திரை ரெகுலரா எடுக்குறவங்களும் அத டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். சண்டை, பிள்ளைக்கு காய்ச்சல், ஆடிட்டிங் மாதிரி பெரிய விஷயம் ஏதாவது இருந்தா ஓரத்துல ஒரு வார்த்த குறிச்சு வைங்க. கருப்பைய எடுத்துட்டவங்களுக்கு ரத்தப்போக்கு இருக்காது, ஆனா சினைப்பை இருந்தா சைக்கிள் ஓடிக்கிட்டுதான் இருக்கும், அவங்க தினமும் எழுதிட்டு வந்தா நல்ல வாரமும் மோசமான வாரமும் மாறி மாறி வர்றது அதுலயே தெரிய வரும்.

கணக்கு பாக்குறது

வட்டம் போட்ட நாள்ல இருந்து பின்னோக்கி ஏழு நாள் எண்ணுங்க, அது "முன் வாரம்". அதே வட்டத்துல இருந்து முன்னோக்கி எண்ணி 4ம் நாள்ல இருந்து 10ம் நாள் வரை "பின் வாரம்". இந்த ரெண்டு வாரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்குறதுதான் மொத்த விஷயமும். முதல் மூணு நாள ஏன் விடுறோம்னா அப்ப அறிகுறி எறங்கிக்கிட்டு இருக்கும்.

என் ரெண்டாவது நோட்டுப் பக்கத்த அப்படியே சொல்றேன். பீரியட்ஸ் 14ம் தேதி வந்துச்சு. எரிச்சல் வரில 7ம் தேதில இருந்து 13 வரைக்கும் 2, 3, 4, 5, 5, 6, 5. அந்த 6 எழுதின 12ம் தேதி, பையன் ஸ்கூல் ஷூ எங்கம்மான்னு கேட்டதுக்குக் கத்தினேன், அவன் பயந்து ஷூ போடாம சாக்ஸோட வாசல்ல நின்னான், நான் பாத்ரூம்ல போய் குழாயத் திறந்து விட்டுட்டு அழுதேன். பதினஞ்சாம் தேதி சாயங்காலம் தலையில இருந்து யாரோ மூட்டைய இறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. 17ல இருந்து 23 வரைக்கும் அதே வரில 2, 1, 1, 1, 1, 1, 1.

கூட்டிப் பாருங்க. முன் வாரம் 30, ஏழால வகுத்தா 4.3. பின் வாரம் 8, வகுத்தா 1.1. வித்தியாசம் 3.1. மார்க் 1ல இருந்து 6 வரை போறதால முழு தூரம் 5, அதுல இந்த வித்தியாசம் 63 சதவீதம். பாக்க வேண்டியது நாலு: வித்தியாசம் 30 சதவீதமாவது இருக்கணும், முன் வாரத்துல ரெண்டு நாளாவது 4 அல்லது அதுக்கு மேல இருக்கணும், பின் வாரத்துல ஒரு நாள் கூட 3ஐத் தாண்டக்கூடாது, இப்படி அஞ்சு அறிகுறிக்கு ரெண்டு சைக்கிள்லயும் அமையணும். எனக்கு ஏழு வரி இப்படி வந்துச்சு.

இப்ப என் சித்தி பொண்ணோட நோட்டு. அவளும் "எனக்கு உன்ன மாதிரியேதான்க்கா, பீரியட்ஸ் டைம்ல செத்துடலாம் போல இருக்கு"ன்னுதான் ஆரம்பிச்சா, நானும் பிஎம்டிடின்னுதான் நெனச்சேன். அவ சோகம் வரில முன் வாரம் 4, 4, 5, 5, 5, 6, 5. பின் வாரம் 4, 3, 4, 4, 3, 4, 4. கூட்டினா 34க்கும் 26க்கும் எட்டுதான் வித்தியாசம், அது 23 சதவீதம். அத விட முக்கியம், பீரியட்ஸ் முடிஞ்ச பிறகும் 4 வருது. அவளுக்கு நல்ல வாரம்னு ஒண்ணே இல்ல. மாசம் பூரா இருக்க டிப்ரஷன், பீரியட்ஸுக்கு முன்னாடி இன்னும் கூடுது. கூடுற அந்த வாரம்தான் மனசுல பதியும், அதனால அவ பீரியட்ஸ் மேல பழி போட்டா. பிஎம்எஸ் பிஎம்டிடின்னு வர்றவங்கள்ல நெறைய பேருக்கு நோட்டு போட்டப்புறம் இந்த மாதிரிதான் தெரியுது.

இந்த நல்ல வாரம் இருக்கா இல்லையாங்கிறதுதான் ரெண்டுக்கும் நடுவுல இருக்க கோடு. அழுகையோட கடுமைய வெச்சுப் பிரிக்க முடியாது, ரெண்டுலயும் ஒரே மாதிரி அழுவோம்.

மூணாவதா ஒண்ணு கவனிங்க. நல்ல நாட்கள்ல "ரொம்ப" நல்லா இருந்து, மூணு மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாம, பேச்சு நிக்காம, காச தண்ணியா செலவு பண்ணி, அதுவும் பீரியட்ஸ் தேதியோட ஒட்டாம வந்துட்டுப் போனா அத தனியா டாக்டர்கிட்ட சொல்லணும். அது பைபோலார்ங்கிற, மனசு சில காலம் ரொம்ப ஏறியும் சில காலம் ரொம்ப எறங்கியும் போற நோயா இருக்கலாம், அதுக்கு கீழ சொல்லப் போற மாத்திரைகள தனியா கொடுத்தா நிலைமை மோசமாகலாம்.

டாக்டர்கிட்ட போறப்ப

ரெண்டு சைக்கிள் நோட்டோட சைக்யாட்ரிஸ்ட்கிட்டயோ கைனகாலஜிஸ்ட்கிட்டயோ போங்க. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஓபி-லயும் மனநலப் பிரிவு இருக்கு. மோசமான வாரத்துல அப்பாயின்மென்ட் கிடைச்சாலும் நல்ல வாரத்துல கிடைச்சாலும் இனி பிரச்சன இல்ல, கணக்கு கைல இருக்கு. உள்ள போன உடனே "எனக்கு பீரியட்ஸுக்கு முன்னாடி இத்தனை நாள் இப்படி, வந்து மூணாம் நாள்ல சுத்தமா போயிடுது, ரெண்டு மாசம் தினமும் எழுதியிருக்கேன்"னு சொல்லி நோட்ட டேபிள்ல வைங்க. சித்தி பொண்ணு மாதிரி இருக்கவங்க "மாசம் பூரா இருக்கு, பீரியட்ஸுக்கு முன்னாடி கூடுது"ன்னு சொல்லணும்.

என்னென்ன வைத்தியம்

முதல்ல வர்றது எஸ்எஸ்ஆர்ஐங்கிற மாத்திரைகள், ஃப்ளுவாக்ஸெட்டின், செர்ட்ரலின், எஸ்சிடாலோப்ராம் மாதிரி. டிப்ரஷனுக்கும் இதேதான் கொடுப்பாங்க, ஆனா ரெண்டுலயும் வேலை செய்யுற விதம் வேற. டிப்ரஷனுக்கு தினமும் எடுத்து மூணு நாலு வாரம் காத்திருக்கணும். பிஎம்டிடிக்கு சில நாள்லயே பலன் தெரியும், அதனாலதான் பீரியட்ஸ் வர வேண்டிய தேதிக்கு 14 நாள் முன்னாடி ஆரம்பிச்சு, பீரியட்ஸ் வந்த உடனே நிறுத்துற முறையும் இருக்கு. மாசம் முழுக்கவும் எடுக்கலாம், எது உங்களுக்குன்னு டாக்டர் சொல்லுவார். வழக்கமா செர்ட்ரலின் 50 மில்லிகிராம் அல்லது ஃப்ளுவாக்ஸெட்டின் 20 மாதிரி அளவுல ஆரம்பிப்பாங்க. பத்துல ஆறேழு பேருக்கு நல்ல மாற்றம் தெரியும். முதல் சில நாள் குமட்டல், தூக்கக் குழப்பம் வரலாம், தாம்பத்திய ஆசை குறையுறதும் நடக்கும், அத வெக்கப்படாம சொல்லிடுங்க, மருந்த மாத்துவாங்க.

இங்கதான் நோட்டு சரியா இல்லன்னா ஆபத்து. என் சித்தி பொண்ணுக்கு எனக்குக் கொடுத்த மாதிரி பாதி மாசம் மட்டும் மாத்திரை கொடுத்திருந்தா டிப்ரஷனுக்கு வைத்தியமே ஆகியிருக்காது. அவளுக்கு தினமும் எடுக்குற மாதிரியும் கவுன்சிலிங்கும் சேத்துக் கொடுத்திருக்காங்க. டிப்ரஷன் மருந்த பாதில பாதில நிறுத்துறது மறுபடி நோயக் கொண்டு வரும், அதனால என் மருந்துச் சீட்ட பாத்து யாரும் வாங்கிச் சாப்பிடாதீங்க.

ரெண்டாவது, கருத்தடையும் தேவைப்படுறவங்களுக்கு ட்ரோஸ்பிரினோன் 3 மில்லிகிராமும் எத்தினைல் எஸ்ட்ரடையால் 20 மைக்ரோகிராமும் சேந்த மாத்திரை, 24 நாள் மருந்து, 4 நாள் வெத்து மாத்திரை. 2006ல அமெரிக்கால பிஎம்டிடிக்குன்னே அனுமதி கொடுத்தாங்க. எல்லா கருத்தடை மாத்திரையும் இந்த வேலையச் செய்யாது, சிலருக்கு மனசு இன்னும் மோசமாகும். ரத்தம் உறையுற பிரச்சன இருந்தவங்க, பிபி இருக்கவங்க, கண்ணுல ஒளிக்கோடு தெரிஞ்சு வர்ற மைக்ரேன் இருக்கவங்க இத எடுக்கக்கூடாது, அதனால இதையும் மெடிக்கல்ல கேட்டு நேரா வாங்காதீங்க. ப்ரொஜெஸ்ட்ரோன் மட்டும் கொடுத்தா சரியாகும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அதுல பலன் நிரூபணம் ஆகல.

கால்சியம் பத்தி கேப்பீங்க. காலை 600, ராத்திரி 600 மில்லிகிராம்னு மூணு சைக்கிள் எடுத்தவங்களுக்கு பிஎம்எஸ் குறைஞ்சுதுன்னு 1998ல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு, ஆனா அது பிஎம்எஸ்ஸுக்கு, கடுமையான பிஎம்டிடிக்கு இது மட்டும் போதாது. சிறுநீரகக் கல் இருந்தவங்க கேட்டுட்டு எடுங்க. பி6 வைட்டமின் அதிகமா எடுத்தா கை கால் மரத்துப் போற நரம்புப் பிரச்சன வரும், நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல வேண்டாம். சிபிடிங்கிற பேச்சு சிகிச்சையும் உதவும், எனக்கு அதுல கத்துக்கிட்டது ஒரே ஒரு விஷயம்தான் நின்னுச்சு, முன் வாரத்துல வர்ற பெரிய முடிவுகள, வேலைய விடுறது, அம்மா வீட்டுக்குப் போறது, எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சு 5ம் நாள் திரும்பப் படிக்கிறது.

இதெல்லாம் கேக்காதவங்களுக்கு சினைப்பைய தற்காலிகமா நிறுத்துற ஊசி இருக்கு, எலும்பு தேயாம இருக்க கூடவே கொஞ்சம் ஹார்மோன் சேத்துக் கொடுப்பாங்க. அதுக்கும் அப்புறம், ரொம்ப அரிதா, சினைப்பைய எடுக்குற ஆபரேஷன். கருப்பைய மட்டும் எடுத்தா பிஎம்டிடி போகாது, இத நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, ஏன்னா நம்ம பக்கம் "கர்ப்பப்பைய எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்"னு சுலபமா சொல்லிடுறாங்க.

மருந்து ஆரம்பிச்ச பிறகு நோட்ட நிறுத்தாதீங்க

மாத்திரை வேலை செய்யுதான்னு தெரியுறதும் அதே கணக்குலதான். நான் செர்ட்ரலின் பாதி மாசம் எடுக்க ஆரம்பிச்ச ரெண்டாவது சைக்கிள்ல எரிச்சல் வரி 2, 2, 3, 3, 3, 2, 2ன்னு வந்துச்சு, 30ல இருந்து 17. ஆனா தூக்க வரி அப்படியே 5ல நின்னுச்சு, அத காட்டினப்ப டாக்டர் மாத்திரைய ராத்திரில இருந்து காலைக்கு மாத்தினார், அடுத்த சைக்கிள்ல அது 3க்கு வந்துச்சு. உங்களுக்கு ரெண்டு சைக்கிள் மருந்து எடுத்தும் முன் வாரத்துல 4க்கு மேல நின்னா நீங்களா டோஸ ஏத்தவோ நிறுத்தவோ வேண்டாம், அந்தப் பக்கத்த கிழிச்சு எடுத்துட்டுப் போய் காட்டுங்க, பாதி மாசத்த தினமுமா மாத்தலாமா, வேற எஸ்எஸ்ஆர்ஐ பாக்கலாமான்னு அப்பக் கேளுங்க.